இந்த நொடியில் வானத்தில் எத்தனை பேர்? குத்துமதிப்புக் கேள்விக்கு வாய்விட்டு யோசிப்பது பற்றி

தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். தரவுப் பகுப்பாய்வு வேலை ஒன்றுக்கு நேர்காணல் வரப்போகிறது. ஒரு சுற்றில் குத்துமதிப்புக் கேள்வி கண்டிப்பாக இருக்கும் என்கிறார்கள். துல்லியமான விடையை எதிர்பார்க்க மாட்டார்களாம், நாம் எப்படி யோசிக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். பழகிப் பார்க்க ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன்: இந்த நொடியில் உலகம் முழுக்க விமானங்களில் பறந்துகொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்?

முதலில் உலக மக்கள்தொகை 800 கோடி என்று தொடங்கினேன். ஒருவர் வருடத்துக்கு எத்தனை முறை பறப்பார் என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். சரி, வேறு வழியில் பார்ப்போம் என்று, ஒரு லட்சத்துக்குக் குறையாது, ஒரு கோடிக்கு மேல் போகாது, ஆகவே நடுவில் 50 லட்சம் என்று முடித்தேன். இதை அப்படியே சொன்னால் அரை நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். நீங்களாக இருந்தால் இதை எப்படிப் பேசுவீர்கள்?

பட்டம்விடுகிறவன்

இதற்கு எதற்குக் கணக்கு? விமானங்களை நேரலையாகக் காட்டும் வரைபடத் தளங்கள் இருக்கின்றனவே. திறந்து பார்த்தால் பத்தாயிரத்துக்கு மேல் என்று மூலையில் எண்ணிக்கை போட்டிருக்கும். விடை அதுதான்.

இன்னொன்று, விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களைச் சேர்க்க வேண்டுமா இல்லையா? அவர்களும் வானத்தில்தானே இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை

பட்டம் சார், அது விமானங்களின் எண்ணிக்கை, தேன்சிட்டு கேட்டது ஆட்களின் எண்ணிக்கை. அந்த வரைபடங்களில் சரக்கு விமானம், இரண்டு பேர் போகும் சின்ன விமானம் எல்லாம் கலந்திருக்கும். ஆனாலும் அந்தப் பத்தாயிரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

விண்வெளி நிலையம் நல்ல கேள்விதான், அதற்கான பதில்தான் முக்கியம். அங்கே இருப்பது ஏழெட்டுப் பேர். நம் விடை லட்சங்களில் வரப்போகிறது. அதனால் சேர்த்தாலும் விட்டாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். விமானப் பணியாளர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். நூற்றுச் சொச்சம் பயணிகளுக்கு ஆறேழு பேர், அதாவது ஐந்து சதவீதம். நம்முடைய பிழை அதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும்போது அதைத் துரத்துவது வீண் வேலை. நேர்காணலில் பலர் நேரத்தைத் தொலைப்பது இந்த மாதிரிச் சில்லறையில்தான்.

சரி, நான் பேசுவதாக இருந்தால் இப்படிப் பேசுவேன்.

"ஒருவர் வருடத்துக்கு எத்தனை முறை பறக்கிறார் என்று நேரடியாக எனக்குத் தெரியாது. அதனால் அதை இரண்டாகப் பிரிக்கிறேன். உலகத்தையே நூறு பேராகச் சுருக்கினால், ஒரு வருடத்தில் விமானமே ஏறாதவர்கள்தான் பெரும்பான்மை. வருடத்தில் ஒரு முறையாவது ஏறுபவர்கள் 12 பேர் என்று வைக்கிறேன். இது 8 ஆக இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். ஏறுகிறவர் எத்தனை முறை ஏறுவார்? போக ஒன்று, வர ஒன்று. நடுவில் விமானம் மாறினால் நான்கு. வேலைக்காக மாதம் இரு முறை பறப்பவர்களும் இதில் உண்டு. சராசரியாக 5 என்கிறேன். ஆக, நூறு பேருக்கு வருடத்தில் 60 பயணங்கள். 800 கோடிப் பேருக்கு 480 கோடிப் பயணங்கள். ஒரு பயணம் சராசரியாக 2 மணி நேரம் என்றால் மொத்தம் 960 கோடி ஆள்-மணி. வருடத்துக்கு 8,760 மணி நேரம், அதை 9,000 என்று வைத்துக்கொள்கிறேன். வகுத்தால் பத்து லட்சத்துக்குச் சற்று மேல் வருகிறது. எனவே சுமார் பத்து லட்சம் பேர்."

நீங்கள் முட்டிக்கொண்டு நின்ற இடத்தைக் கவனியுங்கள். "ஒருவர் எத்தனை முறை" என்பதைக் கற்பனை செய்வது கஷ்டம், ஏனென்றால் அப்படி ஒரு சராசரி ஆளை நாம் பார்த்ததே இல்லை. "நூறு பேரில் எத்தனை பேர் ஏறுவார்கள்" என்பதையும் "ஏறுபவர் எத்தனை முறை ஏறுவார்" என்பதையும் தனித்தனியாகக் கற்பனை செய்ய முடிகிறது. பிரிப்பதால் லாபம் வருவது அப்போது மட்டும்தான். பிரித்து வந்த துண்டுகளும் முழுதைப் போலவே இருட்டாக இருந்தால் பிரித்து ஒரு பயனும் இல்லை.

சதுரங்கன்

கணக்குப்பிள்ளை, உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. சராசரிப் பயணம் 2 மணி என்கிறீர்கள். ஆனால் 12 மணி நேரம் பறக்கிற விமானம் வானத்தில் 12 மணி நேரம் இருக்கிறது. ஒரு மணி நேர விமானம் ஏறி இறங்கிவிடுகிறது. ஆக, எந்த நொடியில் அண்ணாந்து பார்த்தாலும் நீண்ட பயணக்காரர்கள்தான் அதிகம் இருப்பார்கள். அப்படியானால் வானத்தில் இருப்பவர்களின் சராசரிப் பயணம் 4 மணிக்குக் குறையாது. விடை இருபது லட்சம் என்று வர வேண்டும்.

வெயில்

சதுரங்கன் சொல்வது சரியாகத்தான் படுகிறது. கணக்குப்பிள்ளை அண்ணா பதில் சொல்லட்டும்.

இதற்கிடையில் என் அனுபவம் ஒன்று. எனக்கு நேர்காணலில் வந்தது "உலகத்தில் ஒரு நாளில் எத்தனை மின்னஞ்சல் அனுப்பப்படுகிறது" என்ற கேள்வி. நான் படிப்படியாகப் போனேன், ஆள், பெட்டி, ஒரு பெட்டிக்கு எத்தனை என்று. எதிரில் இருந்தவர் கையில் ஒரு தாள் வைத்திருந்தார். முடித்ததும் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்கள் சொன்னது பத்து மடங்கு குறைவு" என்றார். அவ்வளவுதான். எந்தப் படியில் குறைந்தது என்று ஒரு கேள்வி இல்லை. யோசிக்கும் விதத்தைப் பார்ப்போம் என்று சொல்லி அழைத்துவிட்டு விடைத்தாள் திருத்தினார்கள். பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் கணக்கிட்டது மனிதர்கள் தட்டி அனுப்பும் கடிதங்களை, அவர் தாளில் இருந்தது விளம்பரமும் எரிதமும் சேர்ந்த மொத்தம்.

ஆகவே தேன்சிட்டு, எதை எண்ணுகிறோம் என்பதை முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

சதுரங்கன், நீங்கள் பார்த்தது உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. சின்ன எண்களில் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தீவில் தினமும் 20 பேர் பறக்கிறார்கள் என்று வையுங்கள். 10 பேருக்கு ஒரு மணி நேரப் பயணம், 10 பேருக்கு ஒன்பது மணி நேரப் பயணம். ஒரு நாளில் வானத்தில் கழியும் மொத்த நேரம் 10 + 90 = 100 ஆள்-மணி. 24 மணிக்குப் பகிர்ந்தால் எந்த நேரத்திலும் சராசரியாக நான்கு பேருக்குச் சற்று மேல். இது எண்ணிப் பார்த்த உண்மை, இதில் வாதத்துக்கு இடமில்லை.

இப்போது என் வழி: சராசரிப் பயணம் 5 மணி, 20 பேர், 24 ஆல் வகு. அதே நான்கு சொச்சம். உங்கள் வழி: அண்ணாந்து பார்க்கும்போது தெரிகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒன்பது மணிப் பயணத்தில் இருப்பவர்கள். அவர்களுடைய சராசரி 8.2 மணி. இதை வைத்துப் பெருக்கினால் ஏழு பேர் வருகிறார்கள். அந்த மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள்? நீண்ட பயணத்தின் நீளத்தை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள். மொத்த ஆள்-மணியில் அது ஏற்கெனவே அடங்கியிருக்கிறது.

ஏறுகிற வேகத்தை ஏறியவர் தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்கள் எண்ணிக்கை வரும். வரிசைகளைப் பற்றிப் படிப்பவர்கள் இதை லிட்டில் விதி என்பார்கள், ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது. இங்கே சராசரி என்பது வாசலில் நின்று ஏறுகிறவர்களைக் கேட்டு எடுக்கும் சராசரி. உள்ளே இருப்பவர்களைக் கேட்டு எடுப்பது அல்ல.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி சரி. நான் 2 மணி என்று சொன்னது விமானங்களின் சராசரியை மனதில் வைத்து. நீண்ட தூரம் போகிற விமானம் பெரிதாகவும் இருக்கும், ஆட்கள் அதிகம். வாசலில் ஆட்களைக் கேட்டால் விமானங்களைக் கேட்டதைவிடச் சராசரி கொஞ்சம் கூடும். இரண்டரை என்று வைத்தால் பதின்மூன்று லட்சம் வரும். இருபது வராது.

சதுரங்கன்

தீவு உதாரணம் புரிந்தது. இரண்டரை மணியை ஏற்கிறேன்.

வேறு வழியில் சரிபார்த்தும் விட்டேன். உலகத்தில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் விமானங்கள் கிளம்புகின்றன. ஒன்றில் 130 பேர். ஒன்று இரண்டரை மணி பறக்கிறது. ஒரு லட்சம் × 130 × 2.5, வகுத்தல் 24. பதின்மூன்றரை லட்சம்! இரண்டு வழியிலும் ஒரே விடை வந்துவிட்டதால் இனி இது உறுதி.

ராடார்க்கண்

அந்த ஒரு லட்சம் எங்கிருந்து வந்தது சதுரங்கன்?

சதுரங்கன்

கணக்குப்பிள்ளை சொன்ன 480 கோடியை 365 ஆல் வகுத்து, 130 ஆல் வகுத்தேன்.

ராடார்க்கண்

அப்படியானால் 130 ஆல் வகுத்துவிட்டு அதே 130 ஆல் பெருக்கியிருக்கிறீர்கள். அந்த இரண்டரை மணியும் அங்கிருந்து எடுத்ததுதான். பழைய விடையே வேறு சட்டை போட்டுத் திரும்ப வந்திருக்கிறது. நீங்கள் 130க்குப் பதில் 13 என்று போட்டிருந்தாலும் இதே விடைதான் வரும். சரிபார்ப்பு என்று சொல்லும் முன் கேட்க வேண்டியது இதுதான்: முதல் வழியில் ஒரு எண் தவறாக இருந்தால் இரண்டாவது வழி அதைக் காட்டிக்கொடுக்குமா? இங்கே காட்டிக்கொடுக்காது.

ஒட்டு உறவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். நான் விமானப் பராமரிப்புப் பக்கம் இருக்கிறவன் என்பதால் எனக்கு ஆட்களைவிட விமானங்களை எண்ணுவது எளிது. பெரிய பயணிகள் விமானம் செய்கிறவர்கள் முக்கியமாக இரண்டு பேர், ஏர்பஸ், போயிங். 2018இல் போயிங் 806, ஏர்பஸ் 800 விமானங்களைக் கொடுத்தன. அது நல்ல வருடம். முந்தைய வருடங்களில் குறைவு, அதனால் நீண்ட காலச் சராசரியாக இருவரும் சேர்ந்து ஆயிரம் என்கிறேன். ஒரு விமானம் 20, 25 வருடம் ஓடும். சிறிய ஜெட்கள் செய்யும் மற்றவர்களையும் சேர்த்தால் ஓடிக்கொண்டிருப்பவை 25,000.

தரையில் நிற்கும் விமானம் சம்பாதிக்காது, அதனால் நிறுவனங்கள் அதை விடாமல் ஓட்டும். ஆனாலும் ஆள் ஏற்ற, இறக்க, இரவில் நிறுத்த, பராமரிக்க என்று நேரம் போகும். ஒரு நாளில் 10 மணி நேரம் வானத்தில் இருக்கும் என்று வைக்கலாம். 24இல் 10 என்றால் எந்த நேரத்திலும் சுமார் 10,400 விமானங்கள் மேலே. பட்டம் சார் வரைபடத்தில் பார்த்ததும் பத்தாயிரத்துக்கு மேல்தான். ஒன்றில் 150 இருக்கை, பத்துக்கு எட்டு நிரம்பியிருக்கும், 120 பேர். பெருக்கினால் பன்னிரண்டரை லட்சம்.

இதில் மக்கள்தொகையும் இல்லை, எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதும் இல்லை, பயண நேரமும் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த வழி இது. அங்கிருந்தும் இங்கிருந்தும் வந்து பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

தேன்சிட்டு

ரொம்ப நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். உங்களுக்கெல்லாம் விடை ஏற்கெனவே தெரியும் என்று தோன்றுகிறது. 12 பேர், 5 முறை என்பதெல்லாம் பின்னாலிருந்து பொருத்தியவை போல இருக்கின்றன. தெரியாத ஒருவர் 30 பேர், 10 முறை என்று போட்டிருந்தால்?

அப்புறம் என் 50 லட்சத்தில் என்ன தவறு என்றும் யாரும் சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை

நியாயமான கேள்வி. எனக்கு ஒரு எண் தெரியும் என்பதை மறைக்கவில்லை. கொரோனாவுக்கு முந்தைய 2019இல் உலகம் முழுவதும் விமானம் ஏறியவர்கள் சுமார் 450 கோடி, ஒருவரே பல முறை ஏறியதையும் சேர்த்து. அது மனதில் இருக்கும்போது 480 வந்ததும் நிம்மதியாக நகர்ந்துவிட்டேன். தெரியாதவர் அப்படி நகர முடியாது.

அதனால்தான் எண்ணோடு அகலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூறில் 12 பேர் என்பது 8 முதல் 18 வரை. 5 முறை என்பது 3 முதல் 8 வரை. 2 மணி என்பது ஒன்றரை முதல் 3 வரை. மூன்றும் ஒரே பக்கம் கவிழ்ந்தால் என்ன ஆகும்? எல்லாம் குறைந்தால் மூன்று லட்சம், எல்லாம் கூடினால் முப்பத்தெட்டு லட்சம். ஆனால் மூன்றும் சேர்ந்து ஒரே பக்கம் கவிழ்வது அபூர்வம், ஒன்று கூடினால் இன்னொன்று குறையும். நடைமுறையில் பிழை இரண்டு மடங்குக்குள் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே நான் சொல்வது ஐந்து முதல் இருபது லட்சம், நடுவில் பத்து. இன்னும் அகலமான ஊகங்களுக்கு ஒரு உதாரணம் சொன்னால், ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு தவறக்கூடிய நான்கு எண்களைப் பெருக்கினால் மோசமான நிலையில் பதினாறு மடங்கு தவறும், வழக்கமாக நான்கு மடங்குதான் தவறும்.

இந்தச் சமாதானம் செல்லுபடியாக ஒரு நிபந்தனை இருக்கிறது. பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன 30 பேர், 10 முறை அதற்கு நல்ல உதாரணம். அடிக்கடி பறக்கும் ஆட்களுக்கு நடுவில் இருப்பவர் இரண்டு எண்களையும் சேர்த்தே கூட்டிவிடுவார், இரண்டுமே தன் சுற்றத்தைப் பார்த்து எடுத்தவை என்பதால். அவருக்கு ஒரு வருடப் பயணங்கள் 2,400 கோடி என்று வரும். அங்கே நின்று ஒரு கேள்வி கேட்டால் போதும்: பச்சைக் குழந்தை முதல் கிழவி வரை உலகத்தில் ஒவ்வொருவரும் வருடத்துக்கு மூன்று முறை பறக்கிறார்களா? இல்லை என்று எவரும் சொல்வார்கள். ஒவ்வொரு படியிலும் வந்த எண்ணை ஒரு ஆளுக்கு எவ்வளவு, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று சுருக்கிப் பார்ப்பது இதற்காகத்தான்.

50 லட்சத்துக்கு வருகிறேன். உங்கள் எல்லைகள் இரண்டும் நல்ல எல்லைகள். ஒரு லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் நடுவில் நூறு மடங்கு இடைவெளி. அதில் 50 லட்சம் என்பது மேல் எல்லையிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நிற்கிறது, கீழ் எல்லையிலிருந்து ஐம்பது மடங்கு தள்ளி நிற்கிறது. அதை நடு என்று எப்படிச் சொல்வது? மடங்குக் கணக்கில் நடு என்றால் இரண்டு பக்கமும் பத்து மடங்கு. கீழே இருப்பதைப் பத்தால் பெருக்குங்கள், மேலே இருப்பதைப் பத்தால் வகுங்கள், பத்து லட்சத்தில் சந்திக்கும். எல்லைகளை இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதும் இதேதான். பயணக் கணக்கே போடாமல் நீங்கள் விடைக்குப் பக்கத்தில் வந்திருப்பீர்கள்.

பட்டம்விடுகிறவன்

அப்படியானால் இத்தனை பெருக்கல் வகுத்தலுக்கு எல்லையைச் சொல்லி நடுவை எடுத்தாலே போதுமே.

ராடார்க்கண்

எல்லை சரியாக இருந்தால் போதும். அங்கேதான் சிக்கல். ஆட்களைக் கேட்டால் எல்லையை மிகவும் குறுக்கித்தான் சொல்வார்கள். ஆல்பர்ட், ரைஃபா என்ற இரண்டு பேர் ஹார்வர்டில் இதைச் சோதித்தார்கள். உண்மை விடை உள்ளே இருக்க 98 சதவீதம் வாய்ப்புள்ள எல்லையைக் கொடுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். இரண்டு சதவீதம்தான் வெளியே விழ வேண்டும். விழுந்தது நாற்பது சதவீதத்துக்கும் மேல். எண் சொல்லும்போது நமக்குக் கூச்சம் வருவதில்லை, அகலமான எல்லை சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது, அறிவில்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று.

இளவேனில்

நான் இந்த மாதிரி நேர்காணல்களில் எதிர்ப்பக்கம் உட்கார்பவள். ஒரு மாற்றுக் கருத்து சொல்லலாமா?

2013இல் கூகுளின் மனிதவளத் துறைக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்பது போன்ற கேள்விகள் வெறும் நேர விரயம், அவை எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கேட்கிறவருக்குத் தன் புத்திசாலித்தனத்தைக் காட்ட மட்டுமே உதவுகின்றன என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். நான் பார்த்தவரை அதில் பெரும்பகுதி உண்மை. வெயிலுக்கு நடந்தது போல விடைத்தாள் வைத்துக் கேட்பவர்கள் நிறைய.

ஆனாலும் நான் இன்னும் கேட்கிறேன். நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம். பாதியில் நிறுத்தி, "உங்கள் எண்களில் எதை நீங்கள் குறைவாக நம்புகிறீர்கள்?" என்று கேட்பேன். வேலையில் இதே கேள்விதான் தினமும் வரும், எந்த எண்ணைத் தேடிப் போவது என்று. "பயண எண்ணிக்கைதான் பலவீனம், ஒரே ஒரு எண்ணைத் தேட அனுமதித்தால் அதைத் தேடுவேன்" என்று சொல்பவர் எனக்குப் போதும். விடை ஐந்து லட்சம் வந்தாலும் இருபது லட்சம் வந்தாலும் நான் கவலைப்படுவதில்லை.

வெயில்

நீங்கள் அப்படிக் கேட்பீர்கள், மற்றவர்கள்? அந்தப் பேட்டி வந்து இத்தனை வருடமாகியும் தாளை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். கேட்பவர் கையில் எல்லாம் இருக்கும்போது நாம் என்ன பழகினாலும் அதிர்ஷ்டம்தான்.

இளவேனில்

அதை நான் மறுக்க முடியாது.

சதுரங்கன்

இயற்பியலாளர் ஃபெர்மியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 1945 ஜூலை 16, முதல் அணுகுண்டுச் சோதனை. அதிர்வலை வரும்போது கையிலிருந்து காகிதத் துண்டுகளைப் போட்டு, அவை இரண்டரை மீட்டர் தள்ளி விழுந்ததைப் பார்த்து, குண்டின் சக்தி பத்தாயிரம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம் என்று அங்கேயே சொன்னார். பின்னால் கணித்த அளவு இருபதாயிரத்துக்குச் சற்று மேல். இரண்டு மடங்குதான் வித்தியாசம். அவ்வளவு பெரிய மேதையே வெறும் ஊகத்தில் சொன்னார்.

கணக்குப்பிள்ளை

ஊகம் இல்லை சதுரங்கன். பத்து மைல் தள்ளி நின்றார், குண்டுக்கும் தனக்கும் உள்ள தூரம் தெரியும், அதிர்வலையின் இயற்பியல் தெரியும். அவருக்குத் தெரியாமல் இருந்தது ஒரே எண். அதை அளக்கத்தான் காகிதத்தைப் போட்டார்.

தேன்சிட்டுக்கு இன்னொரு சரிபார்ப்பு. விமானத் துறையினர் பயணி-கிலோமீட்டர் என்று ஒன்றை எண்ணுவார்கள், ஒவ்வொரு பயணியும் போன தூரத்தைக் கூட்டி. 2019இல் அது சுமார் 8.7 லட்சம் கோடி. சராசரி வேகம் மணிக்கு 750 கிலோமீட்டர் என்றால் அவ்வளவு தூரம் போக எத்தனை மணி ஆகும், அதை வருடத்தின் 8,760 மணிக்குப் பகிர்ந்தால் எத்தனை பேர் என்று போட்டால் பதின்மூன்று லட்சம் வரும். இங்கே ஊகம் என்பது வேகம் மட்டும்தான், அதில் பெரிதாகத் தவற முடியாது. எனவே அந்த வருடத்தின் சராசரி பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் என்பதில் எனக்குச் சந்தேகம் குறைவு.

அந்த வருடத்தின் சராசரி என்று சொன்னதைக் கவனியுங்கள். 2020 ஏப்ரலில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் விடை லட்சத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும். முந்தைய ஏப்ரலோடு ஒப்பிட்டால் விமானப் பயணம் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் விழுந்திருந்தது. மேலே போட்ட எந்தக் கணக்கும் அதைத் தானாகச் சொல்லாது.

தேன்சிட்டு

இதையெல்லாம் வைத்து நானாக ஒன்று போட்டுப் பார்த்தேன், திருத்துங்கள். கேள்வி: உலகத்தில் ஒரு நொடியில் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன?

விமானக் கணக்கைத் திருப்பிப் போட்டேன். உள்ளே இருப்பவர்கள் 800 கோடி. உள்ளே தங்கும் நேரம் ஆயுள், 70 வருடம். ஆகவே வருடத்துக்கு நுழைகிறவர்கள் 800 கோடியை 70 ஆல் வகுத்தால் பதினொன்றரைக் கோடி. ஒரு வருடத்தில் மூன்று கோடிச் சொச்சம் நொடிகள். நொடிக்கு மூன்றரைக் குழந்தைகள். அகலம் சொல்வதென்றால் இரண்டரை முதல் ஐந்து வரை. மக்கள்தொகையை நம்புகிறேன், ஆயுளைக் கொஞ்சம் குறைவாக நம்புகிறேன்.

இளவேனில்

வேலைக்கு எடுத்துவிட்டேன் :)

கணக்குப்பிள்ளை

அருமை. உண்மையான எண் வருடத்துக்குச் சுமார் 13 கோடி, நொடிக்கு நான்குக்குச் சற்று மேல். உங்கள் எல்லைக்குள் அழகாக விழுகிறது.

ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு பலவீனம் விட்டுப்போயிருக்கிறது. அது எண்களில் இல்லை, வழியில் இருக்கிறது. அதே கணக்கை வைத்து நொடிக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

தேன்சிட்டு

நுழைகிறவர்களும் வெளியேறுகிறவர்களும் சமம் என்றால் அதே மூன்றரை.

கணக்குப்பிள்ளை

உண்மையில் இரண்டு பேர். வருடத்துக்கு ஆறு கோடியை ஒட்டி. கிட்டத்தட்டப் பாதி.

உள்ளே இருப்பவர்கள் எண்ணிக்கை ஏறாமல் இறங்காமல் நிற்கும்போதுதான் இந்தப் பெருக்கல் அப்படியே பொருந்தும். விமானத்தில் ஏறியவர் அன்றோ மறுநாளோ இறங்கிவிடுகிறார், அதனால் வருடச் சராசரிக்கு அது கச்சிதம். மனிதன் எழுபது வருடம் உள்ளே இருக்கிறான். அந்த எழுபது வருடத்தில் உலக மக்கள்தொகை மூன்று மடங்கு ஆகிவிட்டது. இன்று இறப்பவர்களில் பெரும்பாலோர் உலகம் சிறியதாக இருந்தபோது நுழைந்தவர்கள், அதனால் இறப்பு குறைவாக இருக்கிறது. பிறப்புக்கு விடை கிட்டத்தட்டச் சரியாக வந்தது பாதி அதிர்ஷ்டம். நேர்காணலில் "இது மக்கள்தொகை மாறாமல் இருப்பதாக வைத்துப் போட்டது, உண்மையில் வளர்கிறது, அதனால் பிறப்பு இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவும் இறப்பு நன்றாகக் குறைவாகவும் இருக்கும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

ராடார்க்கண்

விமானத்துக்கே திரும்பினால் எனக்கு இன்னும் ஒரு நெருடல் இருக்கிறது. பயண நேரம் என்று நாம் சொன்னது வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து வாசலுக்கு வந்து சேரும் வரையா, சக்கரம் தரையை விட்டதிலிருந்து தொடும் வரையா? பயணச்சீட்டில் போட்டிருப்பது முதலாவது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் சேர்த்தால் இருபது நிமிடம் போய்விடும். இரண்டு மணிப் பயணத்தில் அது ஆறில் ஒரு பங்கு. கணக்குப்பிள்ளை ஒதுக்கிய விமானப் பணியாளர்களைவிட இது பெரியது.

கணக்குப்பிள்ளை

நான் போட்ட 750 கிலோமீட்டர் வேகத்திலும் அதே கேள்வி வருகிறது. வாசலிலிருந்து வாசல் என்றால் வேகம் குறையும், அந்தக் கணக்கில் ஆட்கள் கூடுவார்கள், ஆனால் கூடுகிறவர்கள் தரையில் ஊர்ந்துகொண்டிருப்பவர்கள். நீங்கள் போட்ட 10 மணி நேரம் எந்த வகை?

ராடார்க்கண்

பராமரிப்பு ஏட்டில் பறந்த நேரம் தனி, வாசல் நேரம் தனி. நான் 10 என்று சொன்னபோது எதை நினைத்தேன் என்று எனக்கே இப்போது குழப்பம்.

பட்டம்விடுகிறவன்

விண்வெளி நிலையத்தைக் கேட்டபோது சில்லறை என்றீர்கள். இப்போது ஓடுபாதையில் நின்று சண்டை போடுகிறீர்கள்.